றகரம் எந்தப் பக்கம்?

அக்கா மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு மாதிரி வினாத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதில் ஒரு கேள்வியில் சிவப்பு மையால் சுழித்திருந்தது. "வல்லின மெய்கள் மட்டுமே வரும் சொல் எது? அ) சக்கரம் ஆ) பட்டறை இ) கடப்பாரை ஈ) தச்சன்." அவள் இ என்று குறித்திருந்தாள். விடை ஆ.

"கசடதபற எனக்குத் தெரியாதா மாமா? ரை, றை ரெண்டும் ஒரே சத்தம். மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன், அவசரத்துல மாத்திட்டேன்" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் வாயில் இந்த இரண்டும் இன்று ஒன்றாகவே ஒலிக்கின்றன. 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 நொடி. அந்த நேரத்தில் காதை நம்புகிறவர் தோற்பது இந்த ஒரு எழுத்தில்தான். ஒரு எழுத்து என்று நான் சொல்வது மிகைப்படுத்தி அல்ல. தமிழில் மயங்கும் எழுத்துகள் என்று ன, ண, ந மூன்றையும் ல, ள, ழ மூன்றையும் ர, ற இரண்டையும் சொல்வோம். முதல் மூன்றும் மெல்லினம், அடுத்த மூன்றும் இடையினம். அவற்றுக்குள் எதை எதோடு மாற்றிக்கொண்டாலும் இனம் மாறுவதில்லை. ர மட்டும் இடையினம், ற வல்லினம். வேலி தாண்டிப் போகும் மயக்கம் இது ஒன்றுதான்.

வேலி எங்கே இருக்கிறது என்பதை முதலில் வாயிலேயே பார்த்துவிடலாம். மூக்கை இரண்டு விரலால் நன்றாகப் பிடித்துக்கொண்டு "ம்" என்று இழுத்துப் பாருங்கள். ஒரு கணத்துக்குமேல் இழுக்க முடியாது. உதடு மூடியிருக்கிறது, காற்று மூக்கு வழியாகத்தான் போயாக வேண்டும், அந்த வழியையும் அடைத்துவிட்டோம். ங், ஞ், ண், ந், ன் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இப்போது மூக்கைப் பிடித்தபடியே "ழ்" என்று இழுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வருகிறது. ல், ள், ய், வ், ர் ஆகியவையும் அப்படியே. வாயில் நாக்கோ உதடோ வழியைக் குறுக்குகிறதே தவிர முழுதாக அடைப்பதில்லை. இவை இடையினம். அடுத்து மூக்கை விட்டுவிட்டு, "அப்பா" என்று சொல்லத் தொடங்கி "அப்" என்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். மூக்கு திறந்திருக்கிறது, ஆனாலும் ஒலி இல்லை. உதட்டுக்குப் பின்னால் காற்று முட்டிக்கொண்டு நிற்கிறது. இழுக்கவே முடியாத இந்த ஒலிதான் வல்லினம். அடைத்து, அழுத்தம் சேர்த்து, சட்டென்று விடுவது அதன் வேலை.

பவணந்தியார் நன்னூலில் வல்லினத்துக்கு நெஞ்சையும் மெல்லினத்துக்கு மூக்கையும் இடையினத்துக்குக் கழுத்தையும் இடமாகச் சொன்னார். மூக்கு என்பது இன்றைய ஒலியியல் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது. நெஞ்சு என்பதை, முட்டி நிற்கும் காற்றைத் தள்ளும் இடம் என்று எடுத்துக்கொண்டால் புரியும். "அப்" என்று நிறுத்தியபோது உங்கள் நெஞ்சிலும் அந்த இறுக்கம் தெரிந்திருக்கும்.

பெயர்களை வைத்து இனம் பிரிக்கப் பார்ப்பதால்தான் பலர் இடறுகிறார்கள். ழகரம் காதுக்கு மிக மென்மையாக இருக்கிறது, அதனால் அது மெல்லினம் என்று குறிக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கைப் பிடித்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். "வல்லினம்" என்ற சொல்லையே எடுத்து எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். வ், ல், ல், ன், ம். ஒரு வல்லின மெய்கூட அதில் இல்லை. "இடையினம்" என்ற சொல்லிலோ ட் வருகிறது. பெயர் தன் இனத்தைக் காட்டும் என்று நம்பி வேகமாகக் குறிப்பவரை மாட்டிவிட இந்த இரண்டு சொற்களே போதும்.

காது ஏமாற்றும் இன்னொரு இடமும் உண்டு. பகல் என்பதில் வரும் க, பக்கம் என்பதில் வரும் க போல ஒலிப்பதில்லை. தங்கம் என்பதில் வேறொரு விதமாக ஒலிக்கிறது. தம்பியின் பகரமும் வண்டியின் டகரமும் தொண்டை அதிர வருகின்றன. "தம்பியில வர்ற பி மெதுவாத்தானே இருக்கு, அது எப்படி வல்லினம்?" என்று அவளும் கேட்டாள். அந்த அதிர்வு எழுத்தின் குணம் அன்று, அது நிற்கும் இடத்தின் குணம். மெல்லினத்துக்குப் பின்னாலோ இரண்டு உயிருக்கு நடுவிலோ வரும்போது வல்லினம் இப்படி இளகும். தமிழ் எழுத்து இந்த இளக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே பகரம், ஒரே இனம். சகரம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பசி, சாப்பாடு போன்ற சொற்களில் பலர் வாயில் இழுக்கக்கூடிய ஒலியாகவே மாறிவிடுகிறது. அதை இழுத்துப் பார்த்து இடையினம் என்று முடிவு கட்டினால் தவறு.

ஆகவே எழுத்தைத் தனியாகச் சோதிக்கக் கூடாது, இரட்டித்துச் சோதிக்க வேண்டும். பக்கம், பச்சை, பட்டம், பத்து, அப்பம், காற்று. இரட்டிக்கும்போது இளக்கமெல்லாம் போய், அடைப்பு முழுதாக வந்து நிற்கும். "பச்" என்று நிறுத்திப் பாருங்கள், நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஒலி நின்றுவிடுகிறது. பசியில் இழுபட்ட அதே சகரம்தான் இது.

றகரத்தின் உண்மையான முகமும் இங்கேதான் தெரிகிறது. பறவை என்று சொல்லும்போது அது ரகரம்போல் உருண்டு போகிறது. காற்று என்று சொல்லத் தொடங்கி "காற்" என்றதும் நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு மேடிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு காற்றை மறித்து நிற்கிறது. பகரத்துக்கு உதடு செய்த வேலையை இங்கே நாக்கு நுனி செய்கிறது. ரகரத்தை இப்படி இரட்டிக்கவே முடியாது. தமிழில் தன்னோடு தான் சேர்ந்து வராத மெய்கள் இரண்டே, ர், ழ். "ர்ர" என்று அமைந்த தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்த வேறுபாட்டை இரண்டு வினைகளால் காட்டிவிடுகிறது. றகரமும் னகரமும் பிறக்க நாக்கு நுனி அண்ணத்தை ஒற்ற வேண்டும். ரகரமும் ழகரமும் பிறக்க அது அண்ணத்தை வருட வேண்டும். நெற்றியில் வியர்வையைத் துணியால் ஒற்றுவதும், கன்றின் முதுகை வருடுவதும் எவ்வளவு வேறு? ஒற்றினால் அடைப்பு, வருடினால் உரசல் மட்டும். நம் வாயில் தனி றகரம் ஒற்றுவதை விட்டு வருடத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். எழுத்தும் இலக்கணமும் பழைய ஒலியைப் பிடித்துவைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தாரிடம் அந்த ஒலி இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் கிரிக்கெட் என்று எழுதுவதை அவர்கள் கிறிக்கெற் என்று எழுதுவார்கள். ஆங்கிலச் சொல்லின் இறுதியில் வரும் அடைப்பொலிக்கு டகரத்தைவிட றகரமே நெருக்கம் என்று அவர்கள் காது சொல்கிறது. இதைக் கேட்டபோது அவள் "கிறிக்கெற்" என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "ஆமா மாமா, ஒட்டுது" என்றாள்.

பிறகு ஏன் றகரம் இடையினத்தின் பக்கம் போய் உட்கார்ந்ததுபோல் தோன்றுகிறது? நெடுங்கணக்கின் வரிசைக்கும் இதில் பங்கு உண்டு. க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம என்று முதல் பத்தும் ஒரு வல்லினம், அதன் பக்கத்தில் அதன் மெல்லினம் என்று இணை இணையாகப் போகின்றன. இணை என்பது வெறும் பேச்சில்லை. ஒவ்வொரு இணையும் வாயில் ஒரே இடத்தில் பிறப்பது. அடுத்து ய, ர, ல, வ, ழ, ள என்று ஆறு இடையினமும் சேர்ந்து வருகின்றன. அவற்றுக்குப் பிறகு, கடைசியில், ஆறாவது இணையான ற, ன. வடமொழி நெடுங்கணக்கில் இணை இல்லாத ழ, ள, ற, ன நான்கையும் வரிசையின் இறுதியில் வைத்ததால் இந்த இணை தன் கூட்டத்தை விட்டுத் தள்ளி, ளகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வரிசையாக ஒப்பித்துப் பழகிய நாக்கு "ழ, ள, ற" என்று ஒரே மூச்சில் போய்விடும். எழுத்துகளின் பெயர்களை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. ண டண்ணகரம், ந தந்நகரம், ன றன்னகரம். ட, த போலவே ற என்பதும் ஒரு மெல்லினத்துக்குத் துணை நிற்கும் வல்லினம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. வண்டி, பந்து, கன்று என்று சொற்களிலும் அவை துணையோடுதான் வருகின்றன.

இனி அந்தக் கேள்விக்கே திரும்புவோம். நான்கு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரிக்க நேரம் கிடையாது, தேவையும் இல்லை. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அடைத்த காற்றை விடாமல் சொல்லை முடிப்பது தமிழ் வாய்க்கு வழக்கமில்லை. அதனால் புள்ளி வைத்த எழுத்தில் முடியும் தமிழ்ச் சொல் எதுவாக இருந்தாலும் அந்தக் கடைசி எழுத்து மெல்லினமோ இடையினமோதான். வல்லினம் மட்டும் கேட்கும் கேள்வியில் அப்படி முடியும் விடைகளைப் படிக்காமலே அடித்துவிடலாம். சக்கரம் போயிற்று, தச்சன் போயிற்று. மீதி பட்டறையும் கடப்பாரையும். இனி ஒரு எழுத்தை மட்டும் பார்த்தால் போதும். பட்டறை என்பது ப், ட், ட், ற். நான்கும் வல்லினம். கடப்பாரை என்பது க், ட், ப், ப், அதன்பின் ர். அந்த ர் ஒன்று வேலிக்கு இந்தப் பக்கம்.

உயிர்மெய்யைப் பார்க்கும்போது மெய்யை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதன்மேல் ஏறிய உயிர் இனத்தை மாற்றாது. க முதல் கௌ வரை பன்னிரண்டும் வல்லினமே. ஆறு வல்லினத்துக்கும் சேர்த்து 72 உயிர்மெய்கள். சொல்லின் முதலில் தனியாக நிற்கும் உயிரெழுத்துக்கு மூன்று இனத்திலும் இடமில்லை. ஆகவே "வல்லின எழுத்துகளால் மட்டும் ஆன சொல்" என்று கேட்டு, விடைகளில் எட்டு என்றும் தப்பு என்றும் இருந்தால் தப்பு என்பதே விடை. எட்டு என்பதில் எகரம் இருக்கிறது. "வல்லின மெய்கள் மட்டுமே" என்று கேட்டால் நிலைமை வேறு, எட்டும் தேறிவிடும். எழுத்து என்கிறார்களா, மெய் என்கிறார்களா என்று கேள்வியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

அச்சில் ரவோ றவோ கண்ணெதிரே இருந்தால் இவ்வளவு போதும். பிழை திருத்தச் சொல்லும் கேள்வியில்தான் எது சரி என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அங்கேயும் இனம் கைகொடுக்கிறது. வளர்ச்சி, முயற்சி என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வளர்ச்சியில் ர் வந்த பிறகு இன்னொரு ச் வருகிறது. முயற்சியில் ற் வந்தபின் நேரே சி வந்துவிடுகிறது. அடைப்பே இல்லாத ர் ஒலிக்குப் பிறகு சகரத்தின் அடைப்பை முழு அழுத்தத்தோடு போட இடம் இருக்கிறது. ய், ழ் இரண்டும் அப்படியே இடம் கொடுக்கும், காய்ச்சல், வாழ்க்கை என்று. ற் தானே ஓர் அடைப்பு. அதன்மேல் மறுபடி ஒரு மெய்யை ஏற்றுவதற்கு இடமில்லை. ட் என்பதும் அப்படித்தான், கட்சி, நட்பு, வெட்கம். ஊரில் எத்தனையோ பலகைகளில் "பயிற்ச்சி" என்று எழுதியிருக்கிறார்கள். ற் வல்லினம் என்பது மனதில் பதிந்த கைக்கு அந்தச் ச் எழுதவே வராது. திருப்பியும் சோதிக்கலாம். அடுத்து ஒற்று இரட்டித்து வருகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்னால் ற் வர வழியில்லை, அது ர்தான். பார்த்தான், ஈர்ப்பு, சேர்க்கை எல்லாம் இப்படி.

சொல்லின் இறுதியில் வரும் றுவுக்கு வேறொரு சோதனை. "இல்" சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஆறு ஆற்றில் ஆகிறது, கயிறு கயிற்றில், சோறு சோற்றில். எருவோ எருவில் என்றுதான் ஆகும். இரட்டிக்கிறது என்றால் அது றகரம். வாயில் ஒளிந்திருந்த அடைப்பு அந்த நொடியில் வெளியே வந்துவிடுகிறது. ஆறு என்று இங்கே நான் சொல்வது தண்ணீர் ஓடும் ஆறு, எண்ணுப்பெயர் அப்படி இரட்டிக்காது.

எண்ணுப்பெயர் என்றதும் இன்னொரு கேள்வி நினைவுக்கு வருகிறது. ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்ணுப்பெயர்களில் குற்றியலுகரம் அல்லாதது எது? இனம் பிரிக்கத் தெரிந்தவருக்கு இது ஐந்து நொடி வேலை. தெரியாதவர் பத்துப் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வில் மறந்துபோவார்.

வல்லின மெய்யில் சொல்லை முடிக்க முடியாது என்றேன் அல்லவா? அதன் பின்னால் ஓர் உகரம் வந்து நின்று அந்த அடைப்பைத் திறந்துவிடுகிறது. கு, சு, டு, து, பு, று என்று முடியும் சொற்களில் அந்த உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது. அதுவே குற்றியலுகரம். பசு, அது என்பதுபோல் ஒரே ஒரு குறிலுக்கு அடுத்து வந்தால் மட்டும் குறையாது. ஆகவே முதலில் கடைசி எழுத்து வல்லினமா என்று பார்க்க வேண்டும். வல்லினம் என்றால் அதற்கு முந்தைய எழுத்தைப் பார்த்து வகை சொல்ல வேண்டும்.

அவளை ஒரு தாளில் பத்தையும் கீழே கீழே எழுதச் சொன்னேன். ஒன்று: கடைசி று, வல்லினம். முன்னால் ன், மெல்லினம். ஆகவே மென்தொடர். இரண்டு என்பதில் ண், மூன்றிலும் நான்கிலும் ன், ஐந்தில் ந். ஐந்தும் மென்தொடர்க் குற்றியலுகரம். ஆறு: றுவுக்கு முன்னால் தனி நெடில், ஆகவே நெடில்தொடர். எட்டிலும் பத்திலும் முன்னால் வல்லினமே இருப்பதால் வன்தொடர். ஒன்பது என்பதில் அவள் பேனா நின்றது. "ப வல்லினம்தானே, அப்போ வன்தொடரா?" முன்னால் இருப்பது புள்ளி வைத்த ப் இல்லை, உயிர் ஏறிய ப. துவுக்கு நேர் முன்னால் ஒலிப்பது அதில் உள்ள அகரம். ஆகவே உயிர்த்தொடர். வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் மூன்றுக்கும் முன்னால் நிற்பது புள்ளி எழுத்தாக இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு சொல்லிலேயே பிடித்துக்கொண்டாள். பத்தில் ஒன்றுகூட இடைத்தொடர் இல்லையே என்றும் கேட்டாள். மார்பு, எய்து, மூழ்கு என்று மூன்று சொற்களை ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நடுவில் விட்டது ஏழு. பக்கத்தில் இருக்கும் ஆறு போலவே அதற்கும் முதலில் ஒரு நெடில், அடுத்து உகரம் ஏறிய ஓர் எழுத்து. ஆனால் ழு இடையினம். ஆகவே அந்த உகரம் குறைவதில்லை, அது முற்றியலுகரம். அன்றாடப் பேச்சில் ஆறின் உகரமும் ஏழின் உகரமும் ஒன்றுபோலவே குறுகி ஒலிப்பதால் காது இங்கேயும் உதவாது. அவள் வைத்திருந்த ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் ஏழு என்பது நெடில்தொடர் பட்டியலில் அச்சாகியிருந்தது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஏழ்" என்று இழுத்துப் பார்த்தாள். ஒலி நிற்காமல் வந்தது. பேனாவை எடுத்து அந்தப் பட்டியலில் ஏழை அடித்துவிட்டு, ஓரத்தில் "இடையினம்" என்று எழுதினாள்.